முதற்கேள்வி எது: நாயா, ஒற்றைக் கையா?

ஜென் மரபின் புதிர்களான கோவான்களை மேல்நிலை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, தொடக்கமாக வைக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, 1228இல் சீனாவில் தொகுக்கப்பட்ட 'வாயிலற்ற வாயில்' நூலின் முதற்புதிர். "நாய்க்குப் புத்த இயல்பு உண்டா?" என்று ஒரு துறவி கேட்க, சீன ஜென் ஆசிரியர் சாவோசௌ "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்தார். புத்தராக விழிப்புறும் அவ்வியல்பு எல்லா உயிர்க்கும் உண்டு என்ற மகாயான பௌத்தப் போதனையை அறியாத மாணவருக்கு இந்த 'இல்லை' வெறும் தகவலாகவே படும்.

இரண்டாவது, ஜப்பானியத் துறவி ஹகுயின் (1686–1769) உருவாக்கியது: "இரு கை தட்டினால் ஓசை எழும், ஒற்றைக் கையின் ஓசை யாது?" இதற்கு முன்னறிவு வேண்டியதில்லை. ஐயம் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதாலேயே ஹகுயின் பிற்காலத்தில் இதை விரும்பிக் கொடுத்தார். வகுப்பில் ஒருவர் விரல்களை உள்ளங்கையில் தட்டிக் காட்டக்கூடும். இன்னொருவர் "மௌனமே ஓசை" எனக்கூடும். ஹகுயின் சார்ந்த ரின்சாய் என்னும் ஜென் பிரிவின் மடங்களில் இத்தகைய விளக்கத்தோடு வருபவரை ஆசிரியர் மணியடித்து அனுப்பிவிடுவார். ஏனெனில் கேட்கும் நான் வேறு, ஓசை வேறு என்ற பிரிவு திடீரென அறுபடும் கென்ஷோ எனும் அனுபவமே அங்கு எதிர்பார்க்கப்படுகிறது, அதற்கு ஆண்டுக்கணக்கான தியானமும் தேவைப்படலாம். வகுப்பறையில் அதை எதிர்பார்க்க இயலாது. ஆகவே ஒற்றைக் கையை முதலில் வைத்து, "கேட்பவர் யார்?", "விளக்கம் ஏன் ஏற்கப்படுவதில்லை?" என்று வினவிய பின்னரே நாய்க்குச் செல்வது என் தேர்வு.