ஏ.சி.க்குத் தனி லைன் என்று 11,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழைய ஒயரிலேயே முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்கள்

பழைய ஃப்ளாட்டில் ஏ.சி. மாட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். என் 11,500 ரூபாய் திரும்பி வருமா தெரியாது. ஆனால் போனது பணத்தோடு நின்றதே பெரிய விஷயம். அம்மா தூங்கும் அறையின் கூரைக்குக் கீழே ஒரு சின்ன டப்பாவுக்குள் ஒயர் கருகிக்கொண்டிருந்தது. கை இன்னும் நடுங்குகிறது, அதனால் கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஃப்ளாட் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. எண்பதுகளில் கட்டிய கட்டடம். அன்றைக்கு வீட்டில் ஃபேன், லைட், ஒரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். அதற்கேற்ற ஒயரைச் சுவருக்குள் ஓட்டியிருக்கிறார்கள். பெட்ரூமுக்கு ஒரே ஒரு பவர் லைன், ஒன்றரை ஸ்கொயர் ஒயர், அதாவது உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குப் பரப்பு ஒன்றரை சதுர மில்லிமீட்டர். பிறகு யாரோ அதிலிருந்தே பாத்ரூம் கீசருக்கும் கிளை எடுத்திருக்கிறார்கள். இந்த அமைப்பில் ஒன்றரை டன் ஏ.சி. போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில், 'ஏ.சி.க்கு டி.பி.யிலிருந்து தனி லைன்' என்று தெளிவாக எழுதியே புக் செய்தேன். டி.பி. என்பது வீட்டுக்கு வரும் கரன்ட் ஒவ்வொரு லைனாகப் பிரியும் பெட்டி. அதில் இருக்கும், கரன்ட் அளவுக்கு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்தான் எம்.சி.பி.

வந்தவர் நன்றாகவே பேசினார். கணக்கும் சரியாகச் சொன்னார். "சார், உங்க ஏ.சி. ஓடும்போது எட்டு ஆம்பியர் எடுக்கும். ஆனா மணிக்கணக்கா ஓடும், ராத்திரி வோல்டேஜ் இறங்கினா இன்னும் இழுக்கும். நாலு ஸ்கொயர் காப்பர் போட்டு, 20 ஆம்பியர் எம்.சி.பி. வச்சு, ஏ.சி.க்குன்னே ஒரு சாக்கெட் குடுத்துடலாம். அதுல வேற எதையும் சொருகக் கூடாது." இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தெரியாமல் செய்த வேலை இல்லை இது.

புது காயிலை என் கண் முன்னால்தான் பிரித்தார். ஒயரின் மேல் அச்சடித்திருந்த அளவைப் படித்துப் பார்க்கச் சொல்லி என் கையிலேயே கொடுத்தார். படித்தேன், 4 ஸ்கொயர்தான். வேலை முடிந்ததும் டி.பி. பாக்ஸைத் திறந்து காட்டினார். தடிமனான புது சிவப்பு ஒயர் எம்.சி.பி.க்குள் போயிருந்தது. ஏ.சி. பக்கத்தில் புதிதாக வைத்த பாக்ஸையும் கழற்றிக் காட்டினார். அங்கேயும் அதே சிவப்பு, கறுப்பு, பச்சை. இரண்டு முனையிலும் புது ஒயரைக் காட்டினால் நடுவில் என்ன இருக்கும் என்று யார் சந்தேகப்படுவார்கள்? பில்லில் 4 ஸ்கொயர் ஒயர் 45 மீட்டர், 20 ஆம்பியர் எம்.சி.பி., பாக்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். அங்கேயே கட்டினேன். மிச்ச காயிலை அவர் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. விடியற்காலையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் வரிசையாக கீசர் போட்டுக் குளித்தால் டி.பி.யில் எம்.சி.பி. விழுந்துவிடும். ஏ.சி. தனி லைனில் இருந்தால் கீசரோடு சேர்ந்து ஏன் விழ வேண்டும்? இதையே ஆப்பின் சாட்டில் கேட்டேன். அதே ஆளை அனுப்பினார்கள். "பழைய எம்.சி.பி. வீக்கா இருக்கு சார்" என்று சொல்லி அதை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் வைத்தார். "இனிமே விழவே விழாது" என்றார்.

உண்மைதான், விழவில்லை. ஏன் விழவில்லை என்பதை இப்போது சொல்கிறேன். எம்.சி.பி. காப்பாற்ற வேண்டியது முதலில் சுவருக்குள் இருக்கும் ஒயரை. எங்கள் கீசர் 3,000 வாட், அதாவது 13 ஆம்பியர். ஏ.சி.யின் எட்டு சேர்ந்தால் 21. ஒன்றரை ஸ்கொயர் ஒயர் பைப்புக்குள் பதினைந்து ஆம்பியரைத் தாண்டினாலே சூடாகும். டி.பி.யில் முன்னால் இருந்தது பழைய 16 ஆம்பியர் எம்.சி.பி.தான், பில்லில் இருந்த 20 அல்ல. அது கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு விழுந்தது, அதாவது தன் வேலையைச் சரியாகச் செய்தது. 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ 36 ஆம்பியர் போனால்கூட ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது என்றுதான் விதிமுறைப்படி செய்யப்படுகிறது. அதற்கு 21 ஆம்பியர் ஒன்றுமே இல்லை. ஒயருக்கு இருந்த ஒரே காவலையும் எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் காலையில் அம்மாதான் "ஏதோ பிளாஸ்டிக் தீயற வாடை வருதுடா" என்றார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எங்கள் தெருவில் பல வருஷமாக ஒயரிங் வேலை செய்யும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் எதையும் உடனே பிரிக்கவில்லை. கீசரை விட்டுவிட்டு ஏ.சி.யை மட்டும் சில நிமிஷம் ஓட்டச் சொன்னார். கிளாம்ப் மீட்டரில் 8 ஆம்பியர். டி.பி.யில் வோல்டேஜ் 221. ஏ.சி. பாக்ஸில் 214. கொஞ்சம் விட்டு மறுபடி பார்த்தார், அதே ஏழு வோல்ட் வித்தியாசம். "தம்பி, இது நாலு ஸ்கொயர் லைன் இல்லை" என்றார், டப்பாவைத் திறக்கும் முன்பே.

எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். டி.பி.யிலிருந்து ஏ.சி. வரை 14 மீட்டர். போக வர 28 மீட்டர். நாலு ஸ்கொயர் காப்பரில் எட்டு ஆம்பியர் போனால் அந்தத் தூரத்துக்கு ஒரு வோல்ட் குறையும், சற்று அதிகமாகவும் இருக்கலாம். ஒன்றரை ஸ்கொயரில் மூன்று வோல்ட். ஏழு குறைகிறது என்றால் மீதி நாலு வோல்ட் ஏதோ மோசமான ஜாயின்ட்டில் போகிறது. நாலு வோல்ட்டை எட்டு ஆம்பியரால் பெருக்கினால் 32 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி ஒன்று மூடிய டப்பாவுக்குள் ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கீசரும் சேரும்போது இன்னும் பல மடங்கு.

மெயினை அணைத்துவிட்டு, பெட்ரூம் கூரையை ஒட்டி இருக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். புது சிவப்பு ஒயரைச் சீவி, நாற்பது வருஷப் பழைய ஒயரோடு விரலால் முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப் உருகி வழிந்து டப்பாவின் அடியில் ஒட்டியிருந்தது. பழைய ஒயரின் மேல்தோலைத் தொட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கி விழுந்தது. சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி வரைதான் தாங்கும், இது அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. கீசர் கிளையும் அதே முடிச்சில்தான் இருந்தது. அந்தப் பச்சை ஒயர், அதாவது எர்த், அது எதோடும் சேரவே இல்லை. வெட்டி மடக்கி உள்ளே திணித்திருந்தார்கள். ஏ.சி.யின் உலோக பாகத்தில் கரன்ட் கசிந்திருந்தால் போக வழியே கிடையாது.

ஹாலில் கதவுக்கு மேலே இருக்கும் டப்பாவிலும் அதே கதை. டி.பி.யிலிருந்து அதுவரை புது ஒயர், நடுவில் சுவருக்குள் முழுக்கப் பழையது, அப்புறம் ஏ.சி. பக்கம் மறுபடி புதியது. வெளியே எடுத்துப் போட்ட புது ஒயர் மொத்தம் ஒன்பது மீட்டர்கூட இல்லை. பில்லில் 45 மீட்டர். பில்லில் இருந்த 20 ஆம்பியர் எம்.சி.பி.யை ஏ.சி. பாக்ஸுக்குள் வைத்திருக்கிறார், லைனின் கடைசியில். லைன் ஆரம்பிக்கும் டி.பி.யில் இருந்தால்தானே நடுவில் இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பு?

பழைய பைப்பில் புது ஒயர் இழுப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். உள்ளே சிமென்ட் இறங்கி அடைத்திருக்கும், ஒயரை இழுக்கும் ஸ்பிரிங் போகாது. அதற்கு வழி உண்டு. சுவருக்கு வெளியே கேசிங் பட்டி அடித்து அதில் ஓட்ட வேண்டும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பத்திரம். "பைப் அடைச்சிருக்கு சார், வெளியே ஓட்டணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். இப்போது அந்த அண்ணன் அப்படித்தான் ஓட்டிக் கொடுத்திருக்கிறார். டி.பி.யில் தனியாக 20 ஆம்பியர் சி கர்வ், அதாவது ஏ.சி. ஸ்டார்ட் ஆகும் நொடியில் இழுக்கும் அதிகக் கரன்ட்டுக்கு விழாத வகை எம்.சி.பி., அங்கிருந்து நடுவில் ஒரு ஜாயின்ட்கூட இல்லாமல் நாலு ஸ்கொயர், எர்த்தும் முழு நீளம். கருகிய பழைய லைனையும் கழற்றிவிட்டு கீசருக்கு வேறு லைன். அதற்குக் கொடுத்தது தனிக் காசு.

இனி அந்த ஆப்காரர்கள் கதை. போட்டோ எல்லாம் அனுப்பினேன். முதலில் "வோல்டேஜ் ஏற்ற இறக்கமாக இருக்கலாம், ஈ.பி.யில் கேளுங்கள்" என்றார்கள். முடிச்சின் படத்தைத் திரும்ப அனுப்பினேன். "பழைய கட்டடங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார்கள். பழைய கட்டடம் என்று எழுதித்தானே புக் செய்தேன்? அடுத்தவர், "30 நாள் வாரன்டி முடிந்துவிட்டது" என்றார். இன்னொருவர், "பொருளுக்கான பணத்தை டெக்னீஷியனிடம் நேரடியாகக் கட்டியிருக்கிறீர்கள், அது எங்கள் கணக்கில் வராது" என்றார். 11,500 ரூபாயில் அவர்கள் கணக்கில் வருவது விசிட் சார்ஜ் மட்டுமாம், அதைக் கூப்பனாகத் தருகிறார்களாம்! அந்த ஆளோ போனை எடுப்பதில்லை. டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று தானாகவே மூடியிருக்கிறது. நான் மறுபடி திறந்தால் மறுபடி மூடுகிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

வேலைக்கு முன்னால் டி.பி.யை ஒரு போட்டோ எடுங்கள். தனி லைன் என்றால் முடிந்த பிறகு அதில் ஒரு எம்.சி.பி. கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் தனி லைன் இல்லை.

பணம் கொடுக்கும் முன் வழியில் இருக்கும் எல்லா ஜங்ஷன் பாக்ஸையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். முனைகளை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். மிச்ச காயிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. ஓடும்போது டி.பி.யிலும் சாக்கெட்டிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஃப்ளாட்டுக்குள் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்து காட்டச் சொல்லுங்கள். இதை நீங்களே செய்யாதீர்கள்.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் பெரிய எம்.சி.பி. போடுகிறேன் என்கிற ஆளை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள்.