கையில் வாங்கும் வட்டியா, குட்டி போடும் வட்டியா?

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு வங்கிக் கிளையில் எஃப்.டி. படிவம் வாங்கிப் பாருங்கள். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் போட வேண்டுமா, கடைசியில் அசலோடு சேர்த்துத் தர வேண்டுமா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் போகிற போக்கில் டிக் அடிக்கும் அந்தக் கட்டத்துக்குள்தான் கூட்டு வட்டிப் பாடம் முழுக்க இருக்கிறது.

பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் சேர்ந்த பணம் 10,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 7% என்று வைத்துக்கொள்வோம். நிஜ விகிதம் வங்கிக்கு வங்கி மாறும், இது கணக்குக்காக.

வட்டியைக் கையில் வாங்குவதில் சொல்ல அதிகமில்லை. ஆண்டுக்கு 700 ரூபாய், பத்தாண்டில் 7,000. வரைபடம் போட்டால் நேர்கோடு. பாடப்புத்தகம் சொல்லும் தனி வட்டி இதுதான்.

வட்டியை உள்ளேயே விட்டால் கதை வேறு. எளிதாக இருக்க, முதலில் ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்வதாகப் பார்க்கலாம். முதல் ஆண்டு இதிலும் 700தான். இரண்டாம் ஆண்டு 749 வரும். அந்த 49 எங்கிருந்து வந்தது? போன ஆண்டு வந்த 700க்கு இந்த ஆண்டு கிடைத்த 7%. மூன்றாம் ஆண்டு 801 ரூபாய் 43 காசு. இதில் அசல் ஈட்டியது 700. முதலாண்டு வட்டியான 700 ஈட்டியது 49. இரண்டாமாண்டு வட்டியான 749 ஈட்டியது 52.43. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். வட்டி குட்டி போடுகிறது என்று ஊரில் சொல்வது இந்த 49ஐயும் 52.43ஐயும்தான். மாணவர்கள் சூத்திரத்தைத் தொடும் முன் இந்த மூன்று வரிகளைக் கையால் எழுதிப் பார்ப்பது நல்லது.

முதல் வழியில் ஆண்டுதோறும் ஒரே தொகை கூடுகிறது. இரண்டாவதில் ஆண்டுதோறும் ஒரே எண்ணால், அதாவது 1.07ஆல், பெருகுகிறது. அடுக்குக்குறி வளர்ச்சி என்பது இந்தப் பெருக்கல்தான். முதல் மூன்று ஆண்டு வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்டியே போவதால், இவ்வளவுதானா வித்தியாசம் என்று தோன்றும். அது சரிதான், குறுகிய காலத்துக்கு இவ்வளவுதான்.

நம் வங்கிகளில் எஃப்.டி. வட்டி பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை சேரும். அப்போது 7%ஐ நான்கால் வகுத்து 1.75% என எடுக்க வேண்டும். பத்தாண்டுக்கு 40 காலாண்டு. 10,000 × (1.0175)^40 போட்டால் 20,016 ரூபாய். கையில் வாங்கியிருந்தால் 17,000. பத்தாண்டில் இரட்டிப்பதால், இருபதில் நான்கு மடங்காகி 40,064 வருகிறது. முப்பதில் எட்டு மடங்காகி 80,192. நேர்கோட்டுக்காரரிடம் அப்போது 31,000தான் இருக்கும்.

இந்தக் கணக்கில் எல்லோரும் இடறும் இடம் ஒன்றே. விகிதத்தை நான்கால் வகுத்துவிட்டு, ஆண்டை நான்கால் பெருக்க மறந்துவிடுவார்கள். அப்போது (1.0175)^10 ஆகி 11,894 வரும். தனி வட்டியே 17,000 தரும்போது கூட்டு வட்டி அதற்குக் கீழே போக வழியில்லை என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும். மாறாக, விகிதத்தை வகுக்காமல் 1.07ஐ 40 முறை பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் வந்து நிற்கும். இதைப் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு: 72ஐ வட்டி விகிதமான 7ஆல் வகுத்தால் பத்துக்குச் சற்று மேல். பணம் இரட்டிக்க ஆகும் ஆண்டு ஏறக்குறைய அதுதான். ஆகவே பத்தாண்டில் பதினைந்து மடங்கு என்பது நடக்காத காரியம்.

மாதச் செலவுக்கு வட்டியை நம்பியிருக்கும் தாத்தா பாட்டிக்கு முதல் வழிதான் சரி. கையில் வாங்கும் வட்டியை அதே 7%இல் உடனுக்குடன் திரும்பப் போட முடிந்தாலும் இரண்டு வழிக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் காலாண்டுக்கு வருவது 175 ரூபாய். அதை வைத்துப் புது எஃப்.டி. திறப்பது கடினம். சேமிப்புக் கணக்கில் குறைந்த வட்டிக்குக் கிடக்கும், அல்லது வடாபாவுக்குப் போகும். பள்ளி மாணவரின் பணம் என்றால் இரண்டாவது வழியையே சொல்வேன்.

ஆனால் அந்த ஒரு டிக் போதாது. எஃப்.டி.க்கு வங்கிகள் பொதுவாகத் தரும் அதிகபட்சக் காலம் பத்தாண்டு. அதற்குப் பின் புதுப்பிக்க வேண்டும், அப்போதைய வட்டி விகிதத்தில். படிவத்தில் கீழே, அசலை மட்டும் புதுப்பிக்கவா, வட்டியோடு சேர்த்தா என்று இன்னொரு கட்டம் இருக்கும். முதலாவதைத் தொட்டால் 10,016 சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும், 10,000 மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடும். அதே 7% நீடித்தாலும், வெளியே போன பணத்தைச் சும்மா வைத்திருந்தால், இருபதாம் ஆண்டு முடிவில் மொத்தம் 40,064 அல்ல, 30,032.