மோதிர மாடல் வாங்கும்போது உள்விட்டத்தை மட்டும் பார்த்து விடாதீர்கள்

வார்ப்புக்கு மோதிர மாடலைக் கணினியில் வரைந்து தருபவர் ஒருவரிடம் ஏமாந்த கதை இது. நான் கொடுத்த அளவுகள் இரண்டே இரண்டு. விரலுக்கு உள்சுற்றளவு 57 மி.மீ., அதாவது உள்விட்டம் சுமார் 18.14. வட்ட நீலக்கல்லின் விட்டம் 6.5, வெர்னியரில் அளந்து படமும் அனுப்பியிருந்தேன். "முழுக்கப் புதிதாக வரைகிறேன்" என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

வந்த எஸ்டிஎல் கோப்பில் உள்விட்டம் 18.15. சரியாகத்தானே இருக்கிறது என்று வெள்ளியில் வார்த்தாயிற்று. கல் பதிப்பவர் கல்லை உள்ளே வைத்ததும் அது ஆடியது. கல்லைப் பிடிக்கும் கம்பிகளான நான்கு ப்ராங்குகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மாடல் செய்தவரைக் கேட்டேன். "வார்ப்பில் சுருங்கியிருக்கும், வார்த்தவரைக் கேளுங்கள்" என்றார். உலோகம் குளிரும்போது சுருங்கும், உண்மைதான். ஆனால் சுருங்கினால் கல் இருக்கும் இடம் இறுக்கமாகத்தானே ஆகும், எப்படி அகலும்? கோப்பையே திறந்து அளந்தேன். எதிரெதிர் ப்ராங்குகளுக்கு இடைவெளி 6.82, ப்ராங்கின் தடிமன் 1.10, வளையத்தின் தடிமன் 1.98. யாரும் கையால் 1.98 என்று வரைவதில்லை. மூன்றையும் 1.1 ஆல் வகுத்தால் 6.2, 1.0, 1.8. உள்விட்டத்தையும் வகுத்தால் 16.5!

குட்டு வெளிப்பட்டது. ஏற்கெனவே கையில் இருந்த 16.5 மோதிரத்தை எடுத்து, மொத்தமாக 10 சதவீதம் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறார். விரல் அளவு பொருந்தியது, கல்லின் இடமும் சேர்ந்து வீங்கிவிட்டது. 6.2 இடைவெளி 6.5 கல்லுக்கு நல்ல அளவு: ஒவ்வொரு ப்ராங்கும் கல்லின் விளிம்புக்குள் 0.15 மி.மீ. நுழைந்திருக்கும், அந்த உலோகத்தில்தான் பதிப்பவர் பள்ளம் வெட்டிக் கல்லை உட்கார வைப்பார். 6.82 ஆனதும் வெட்ட உலோகமே இல்லை. ப்ராங்கை வளைத்துப் பிடிக்கலாம் என்றால் கல் சாய்ந்து உட்காரும், கொஞ்ச நாளில் கழன்றும் விழும். அதிக உலோகத்தைச் சீவலாம், இல்லாத உலோகத்துக்கு எங்கே போவது?

விரல் அளவு மாற்றும்போது வளையத்தை மட்டுமே மாற்ற வேண்டும். கல் தாங்கும் தலைப்பகுதி கல்லின் அளவிலேயே இருக்க வேண்டும். சுருக்கத்துக்காக முழு மாடலையும் கொஞ்சம் பெரிதாக்குவது வேறு விஷயம். அது பெரும்பாலும் ஓரிரண்டு சதவீதம்தான், எவ்வளவு என்பதை வார்ப்பவரே சொல்வார்.

இனி கல்லையும் தனிப் பொருளாக வைத்த கோப்பு கேளுங்கள். இல்லையென்றால் 6.5 மி.மீ. உருளை ஒன்றை நீங்களே அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு ப்ராங்கையும் அது கொஞ்சம் வெட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எஸ்டிஎல் கோப்பில் அலகு பதிவாகாது என்பதால், திறக்கும்போது மி.மீ. என்று தேர்ந்தெடுத்த பிறகே அளக்கவும்.

1.1 கணக்கை அனுப்பிய பிறகு அந்த ஆளிடமிருந்து பதிலே இல்லை. பணமும் வரவில்லை.