யோகா பயிற்சியாளரை அறிமுகப்படுத்த மூன்று வழிகள்: பயோடேட்டா, ஜோக், கழுத்து வலி

ஜூன் 21 நெருங்கினால் பல அலுவலகங்களில் ஹெச்ஆரிடமிருந்து மெயில் வரும்: "மதியம் 3 மணிக்கு டிரெய்னிங் ரூமில் யோகா செஷன், அனைவரும் கலந்துகொள்ளவும்." சர்வதேச யோகா தினம் 2015-லிருந்து நடக்கிறது. அதனால் வருகிறவர்களில் பலர் இதை ஏற்கெனவே பார்த்துச் சலித்தவர்கள். கடைசி வரிசைதான் முதலில் நிரம்பும், மடியில் லேப்டாப் திறந்திருக்கும். அறிமுகம் செய்பவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அதை மூன்று விதமாகச் செலவழிக்கிறார்கள்.

பெரும்பாலும் நடப்பது பயோடேட்டா வாசிப்பு. எங்கே படித்தார், என்னென்ன சான்றிதழ், எத்தனை ஆண்டு அனுபவம் என்று பயிற்சியாளர் அனுப்பிய தாளை அப்படியே படிப்பது. கேட்பவர்களுக்கு ஒரு சான்றிதழுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது வரியிலேயே கை போனுக்குப் போய்விடும். ஆனாலும் தகுதியை அடியோடு விட்டுவிடக் கூடாது. முதுகில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவரும் கர்ப்பிணியும் அந்த அறையில் இருக்கலாம். தெரிந்தவர்தான் சொல்லித் தருகிறார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டும். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்திருந்தால், அதுதான் அந்த வாக்கியம்.

இரண்டாவது, ஜோக். "போர் அடிக்கும்னு நினைச்சுதான வந்திருக்கீங்க? யாரும் குறட்டை விட்டுடாதீங்க!" உடனே சிரிப்பு வரும், அதனாலேயே இது பலித்துவிட்டதாகத் தோன்றும். இதைத்தான் நான் மிகவும் தவறான வழி என்பேன். பயிற்சியாளர் வாய் திறக்கும் முன்பே அவர் பாடம் தூக்கம் வரவைப்பது என்று மேடையிலிருந்தே சொல்லியாகிவிட்டது. பத்து நிமிடம் கழித்து அவர் "கண்ணை மூடிக்கோங்க" என்பார். பின்வரிசையில் ஒருவர் குறட்டைச் சத்தம் போடுவார், அறையே சிரிக்கும். அந்தக் கேலிக்கு அனுமதி தந்தது அறிமுகம்தான். அதன்பின் கண்ணை மூட யாருக்கும் துணிவு வராது.

மூன்றாவது, கேட்பவரின் உடம்பிலிருந்து தொடங்குவது. இப்படி:

"எல்லாரும் இப்ப எப்படி உக்காந்திருக்கீங்களோ அப்படியே இருங்க, அசையாதீங்க. உங்க தோள் எங்க இருக்குன்னு மட்டும் கவனிங்க. காதுப் பக்கம் ஏறியிருக்கா? தலை முன்னாடி நீண்டிருக்கா? காலைல இருந்து இப்படித்தான் உக்காந்திருக்கோம். இன்னிக்கு முப்பது நிமிஷம் இதுக்காக மட்டும்தான். யாரும் தரையில உக்கார வேண்டாம், ஷூ கழட்ட வேண்டாம், யாரையும் முன்னாடி கூப்பிட மாட்டாங்க. முடியாததை விட்டுடலாம். மூன்றரைக்கு முடிஞ்சிடும். ஐ.டி. ஊழியர்களுக்குப் பல வருஷமா பயிற்சி கொடுக்கிறவங்க நம்மகூட இருக்காங்க..." கடைசிச் சொல்லாகப் பயிற்சியாளரின் பெயர்.

கேள்வி கேட்டதுமே பாதிப் பேரின் தோள் தானாக இறங்குவதை மேடையிலிருந்தே பார்க்கலாம். யோகா பற்றி எதுவும் சொல்லாமலேயே விஷயம் அவரவர் கழுத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்து வரும் "வேண்டாம்" வரிகள்தான் இதன் உயிர். போர் என்று சொல்பவர்கள் பலரிடம் உள்ளே இருப்பது கூச்சம்: புடவையோ இறுக்கமான பேன்ட்டோ போட்டுக்கொண்டு தரையில் உட்காரணுமா, மேனேஜர் முன்னால் குனிய முடியாமல் நிற்கணுமா என்று. அந்தப் பயம் போனால்தான் காது திறக்கும். முடியும் நேரத்தைச் சொன்னால், நாலு மணிக்கு மீட்டிங் இருப்பவரும் நிம்மதியாக லேப்டாப்பை மூடுவார். பெயர் கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. அது நடுவில் வந்தால் கைதட்டல் அங்கேயே விழுந்து, மைக் கைமாறும்போது அறை மௌனமாக இருக்கும்.

இந்த வழியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தரையில் உட்கார வேண்டாம் என்று நீங்கள் சொல்லி, பயிற்சியாளர் சூரிய நமஸ்காரத்தில் ஆரம்பித்தால் இருவர் பேச்சும் எடுபடாது. எனவே முந்தின நாளே போன் செய்து மூன்றைக் கேளுங்கள்: நாற்காலியிலேயே செய்யலாமா, முதல் பயிற்சி என்ன, எதை யார் செய்யக் கூடாது. முதல் பயிற்சி கண்ணுக்கு என்றால் தோளை விட்டுவிட்டு, "திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறையும், உங்க கண் இப்ப எரியுதா?" என்று தொடங்கலாம். பி.பி. குறையும், முதுகுவலி போகும் என்றெல்லாம் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். முப்பது நிமிடத்தில் அது நடக்காது. அப்படி வாக்குக் கொடுத்துவிட்டால், இறுக்கம் கொஞ்சம் தளர்ந்ததுகூட ஏமாற்றமாகத்தான் தெரியும்.

மைக்கைக் கொடுத்ததும் முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நீங்களும் செய்யுங்கள். அறிமுகம் செய்தவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனால், கடைசி வரிசை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.