மோதிரமா, வளையலா, செயினா: அளவு தெரியாதவருக்கு ஒரு பவுனில் பரிசு

அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒரு பவுன், அதாவது எட்டு கிராம், போடலாம் என்று வீட்டில் முடிவானது. எந்த நகை என்பதில்தான் இழுபறி. பெண் வேறு ஊரில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் வாங்க வேண்டும். நான் செயின்தான் வாங்கினேன், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். அழகு, விலை, ஹால்மார்க் எல்லாம் மூன்றுக்கும் பொது. அளவில் சற்றுப் பிசகினால் என்ன ஆகும் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

மோதிரம்தான் அதிகம் படுத்தும். நம் கடைகளில் சொல்லும் மோதிர நம்பரோடு நாற்பதைக் கூட்டினால் உட்சுற்றளவு ஏறக்குறைய மில்லிமீட்டரில் வந்துவிடும். 14-ம் நம்பருக்கு உட்சுற்று சுமார் 54 மி.மீ., உள்விட்டம் 17.2 மி.மீ. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் விட்டத்தில் வித்தியாசம் வெறும் 0.3 மி.மீ. அவளுடைய பழைய மோதிரத்தை ரகசியமாக எடுத்து ஸ்கேலில் அளந்தாலும், ஒரு மி.மீ. தப்பாகப் படித்தால் மூன்று நம்பர் தள்ளிப்போகும். அந்த மோதிரம் எந்த விரலுடையது என்ற கேள்வி வேறு. பட்டையான மோதிரம் என்றால் அதே நம்பரே இறுக்கமாக இருக்கும், ஒன்று கூட்டித்தான் எடுக்க வேண்டும். சாதா மோதிரத்தை ஓரிரு நம்பர் வரை ஆசாரி வெட்டியோ தட்டியோ சரிசெய்துவிடுவார். சுற்றிலும் கல் பதித்ததில் அது நடக்காது.

வளையல் அவ்வளவு மோசமில்லை. 2-4, 2-6, 2-8 என்பதில் முதல் எண் அங்குலம், அடுத்தது பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2-4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், 57.2 மி.மீ.; 2-6 என்றால் 60.3, 2-8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5. படிக்குப் படி மூன்று மி.மீ.க்கு மேல் இருப்பதால் சாதாரண ஸ்கேலே போதும். தினமும் போடும் வளையல் சற்று நசுங்கியிருக்கும் என்பதால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். 62-ம் 58-ம் வந்தால் 60, அது 2-6. கையை நேரில் அளக்க முடிந்தால் மணிக்கட்டை அளக்காதீர்கள். கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, முட்டிகளில் அகலமான இடத்தில் டேப்பைச் சுற்றி, வந்ததை 3.14-ஆல் வகுக்க வேண்டும். 19 செ.மீ. வந்தால் 60.5 மி.மீ., மறுபடி 2-6. திருகு வைத்துத் திறக்கும் வளையல் முட்டியைத் தாண்ட வேண்டியதில்லை, அதற்கு மட்டும் மணிக்கட்டுக் கணக்கு.

ஆனால் தப்பினால் வளையலுக்குத்தான் செலவு அதிகம். சிறிதாகிவிட்டால் கையில் ஏறவே ஏறாது, டிசைன் வளையலைப் பெரிதாக்கவும் வழி குறைவு. மாற்றத்தான் வேண்டும். பழைய நகையாகக் கொடுத்தால் தங்கத்துக்கு விலை கிடைக்கும், கட்டிய சேதாரமும் ஜி.எஸ்.டி.யும் திரும்பாது. எட்டு கிராமை ஜோடியாக்கினால் ஒன்று நான்கு கிராம்தான், கையை ஊன்றி எழுந்தாலே வளையும். ஒற்றை வளையல் என்றால் பரவாயில்லை.

செயினில் பிழைக்கு இடம் தாராளம். 18, 20, 22, 24 என்று இரண்டிரண்டு அங்குலமாகத்தான் போகிறது. பெரும்பாலான பெண்களுக்கு 18 கழுத்தெலும்பை ஒட்டி நிற்கும், 24 நெஞ்சு வரை இறங்கும். அவள் ஏற்கெனவே போடும் செயின் எங்கே நிற்கிறது என்று ஒரு போட்டோவைப் பார்த்தாலே தெரியும். நீளம் கூடிவிட்டால் கொக்கிப் பக்கம் சில கண்ணிகளை எடுத்துவிடலாம், எடுத்த துண்டும் தங்கம்தான்.

கவனிக்க வேண்டியது எடையையும் நீளத்தையும் சேர்த்து. எட்டு கிராமில் 20 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 0.4 கிராம், 24 என்றால் 0.33. நீளம் கூடக் கூட செயின் மெலிகிறது, மெலிந்த செயின் கொக்கி அருகே முதலில் தேய்ந்து அறும். கடையில் "பார்வையாக இருக்கும்" என்று 24-ஐக் காட்டினார்கள். நான் 20 எடுத்தேன், உள்ளே கூடு இல்லாத கெட்டிக் கண்ணியாக. கூடான முறுக்குச் செயின் அதே எடையில் தடிமனாகத் தெரிந்தாலும் நசுங்கினால் நிமிர்த்துவதும், அறுந்தால் பற்றவைப்பதும் சிரமம். டாலர் கோக்கும் எண்ணம் இருந்தால் 20-க்கு மேல் போக வேண்டாம் என்பேன். கனமான டாலர் போட்டு நான் பழகியதில்லை, அதை ஆசாரியிடமே கேளுங்கள்.

வளைகாப்புக்கு என்றாலோ, பெண்ணின் அம்மா பழைய வளையல் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டாலோ, ஒற்றை வளையலையே எடுங்கள். அப்போது செயினுக்கு நான் சொன்ன காரணம் பாதி போய்விடுகிறது.