எடிட் டிஸ்டன்ஸ், கூல்டவுன் ஷேர்: ‘நிலை’ எங்கிருந்து வருகிறது?

டைனமிக் புரோகிராமிங் பழகுகிறவர்கள் லீட்கோடின் 72-ஆம் கணக்கையும் 309-ஆம் கணக்கையும் எப்படியும் ஒருநாள் சந்தித்துவிடுவார்கள். 72 எடிட் டிஸ்டன்ஸ். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க, எழுத்தைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு குறைந்தது எத்தனை திருத்தம் வேண்டும் என்பது கேள்வி. 309 ஷேர் வியாபாரம். தினசரி விலைகள் முன்பே தெரியும். எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கி விற்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஷேர்தான் கையில் இருக்கலாம். விற்ற மறுநாள் வாங்கக் கூடாது. அந்த ஒருநாள் ஓய்வுதான் கூல்டவுன். அதிகபட்சம் எவ்வளவு லாபம் பார்க்கலாம் என்பது கேள்வி.

இரண்டுக்கும் ‘ஸ்டேட் டிபி’ என்று ஒரே பெயர்தான். நிலை என்றால், இதுவரை நடந்ததில் இனி வரும் கணக்குக்காக நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியது. முதலாவதில் அது கேள்வியிலேயே கிடக்கிறது, இரண்டாவதில் அதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எது சுலபம் என்று கேட்டால், கோடு எழுத 309 சுலபம், யோசிக்க 72 சுலபம்.

முதலில் 72. ‘கடல்’ என்பதைக் ‘கட்டில்’ ஆக்குவோம். தமிழ் எழுத்தாகப் பிரித்தால் இந்தப் பக்கம் க, ட, ல். அந்தப் பக்கம் க, ட், டி, ல். அட்டவணையின் `d[i][j]` என்ற கட்டம், முதல் சொல்லின் முதல் i எழுத்துகளை இரண்டாம் சொல்லின் முதல் j எழுத்துகளாக மாற்ற ஆகும் செலவு.

```
        -  க  ட்  டி  ல்
   -    0  1  2   3   4
   க    1  0  1   2   3
   ட    2  1  1   2   3
   ல்   3  2  2   2   2
```

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ல், எழுத்து ஒன்றுதான், ஆகவே மேல் இடது மூலையில் உள்ள 2 அப்படியே இறங்குகிறது. ட என்பது ட் ஆக ஒரு திருத்தம், டி சேர்க்க ஒரு திருத்தம். விடை 2. (இதையே யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி என்பதால் விடை 3 ஆகிவிடும். தமிழுக்குப் பிழைதிருத்தி எழுதுகிறவர்கள் எதை எழுத்து என்று எண்ணுகிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது.)

இங்கே நிலை என்பது (i, j) மட்டும். அந்தக் கட்டத்துக்கு எந்த வழியாக வந்தோம், நீக்கி வந்தோமா மாற்றி வந்தோமா என்பது இனி ஆகப்போகும் செலவைத் துளியும் பாதிக்காது. மீதி இருக்கும் எழுத்துகள்தான் பேசும்.

இதே கேள்வியை 309-இல் கேட்டுப் பார்ப்போம். விலைகள் 2, 5, 8, 3, 9. நான்காம் நாள் காலையில் இரண்டு பேர் கையில் ஷேர் இல்லாமல் நிற்கிறார்கள். ஒருவர் நேற்று 8-க்கு விற்றவர், லாபம் 6. இன்னொருவர் முந்தாநாளே 5-க்கு விற்றவர், லாபம் 3. நாள் ஒன்றுதான், கையில் ஷேர் இல்லை என்பதும் ஒன்றுதான். ஆனால் முதலாமவரால் இன்று வாங்க முடியாது, இரண்டாமவரால் முடியும். அப்படியென்றால் ‘நாளும், ஷேர் இருக்கிறதா இல்லையா என்பதும்’ போதிய நிலை இல்லை. அதிக லாபம் உள்ளவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரைத் தூக்கி எறிந்தால் விடையையே தூக்கி எறிந்ததாகும்.

ஆகவே மூன்று நிலைகள்: `hold` (கையில் ஷேர் இருக்கிறது), `sold` (இன்றுதான் விற்றேன்), `rest` (ஷேரும் இல்லை, இன்று விற்கவும் இல்லை).

```python
hold, sold, rest = float('-inf'), float('-inf'), 0
for p in prices:
    hold, sold, rest = (max(hold, rest - p),
                        hold + p,
                        max(rest, sold))
ans = max(sold, rest)
```

நாள்வாரியாக இப்படி ஓடும்:

```
விலை   hold  sold  rest
  2     -2    -∞     0
  5     -2     3     0
  8     -2     6     3
  3      0     1     6
  9      0     9     6
```

விடை 9. நான்காம் நாள் `hold` எப்படி 0 ஆனது? முந்தைய நாளின் `rest`, அதாவது 5-க்கு விற்றவரின் 3, அதில் 3 கொடுத்து வாங்கியாயிற்று. மறுநாள் 8 ஆகப்போகும் ஷேரை 5-க்கே விற்றது முட்டாள்தனம் மாதிரி தெரியும். கடைசியில் ஜெயித்தவர் அவர்தான். 8 வரை காத்திருந்தவர் அங்கேயே 6-இல் நின்றுவிடுகிறார்.

பிழை வரும் இடத்தில் மட்டும் இரண்டு கணக்கும் பங்காளிகள். மேலே மூன்றையும் ஒரே வரியில் ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. `hold`-க்கு நேற்றைய `rest` வேண்டும், `rest`-க்கு நேற்றைய `sold`, `sold`-க்கு நேற்றைய `hold`. வட்டம். தனித்தனி வரியாக hold, sold, rest என்று எழுதினால் இன்று விற்ற பணம் இன்றே `rest`-க்குள் புகுந்துவிடும், கூல்டவுன் காணாமல் போகும். நம் விலைகளுக்கு 12 வரும். கூல்டவுன் விதியே இல்லாவிட்டால் வரக்கூடிய விடையும் அதே 12 (2-க்கு வாங்கி 8-க்கு விற்று, 3-க்கு வாங்கி 9-க்கு விற்பது). இப்படிப் பொருந்தினால் பிழை எங்கே என்று தேடவே வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், hold, rest, sold என்ற வரிசையில் எழுதினால் விடை சரியாகவே வரும். அன்றே வாங்கி அன்றே விற்பது மட்டும் உள்ளே நுழைகிறது, அதில் லாபம் பூஜ்யம், யாருக்கும் கெடுதல் இல்லை. அதை நம்பி எழுத மட்டும் வேண்டாம்.

எடிட் டிஸ்டன்ஸில் முழு அட்டவணைக்குப் பதில் ஒற்றை வரிசையை வைத்துக்கொண்டு ஓட்டும்போதும் இதேதான். மேல் இடது மூலையின் மதிப்பு, நமக்குத் தேவைப்படும் முன்பே அழிந்துபோயிருக்கும். ஒரு தற்காலிக மாறியில் அதை எடுத்துவைத்தால் சரி.

செலவில் இரண்டும் ஒரே தட்டில் நிற்காது. 309-க்கு நாளுக்கு ஒரு சுற்று, மூன்று எண்கள், அவ்வளவுதான். 72-க்கு 10,000 எழுத்துள்ள இரண்டு உரைகளைக் கொடுத்தால் 10 கோடிக் கட்டங்கள். ஒற்றை வரிசை நினைவகத்தைத்தான் மிச்சப்படுத்தும், நேரத்தை அல்ல. என்னென்ன திருத்தங்கள் என்ற பட்டியலும் போய்விடும். அதைக் குறைந்த நினைவகத்திலேயே மீட்கும் வழியை ஹிர்ஷ்பெர்க் 1975-இல் காட்டினார்.

இவ்வளவு சொன்ன பிறகு, 72-இன் நிலை எப்போதுமே இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. விதியைக் கொஞ்சம் மாற்றுங்கள்: தொடர்ச்சியாக எழுத்துகளைச் சேர்க்கும்போது முதல் எழுத்துக்கு 5, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 1. நீக்குவதற்கும் அப்படியே. டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிடும்போது இப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் ஒரு நீண்ட துண்டு ஒரே சம்பவத்தில் விடுபட்டுப் போகலாம். இப்போது (i, j)-இல் நிற்கும் இருவரில் ஒருவர் சேர்த்துக்கொண்டே வந்தவர், மற்றவர் மாற்றி வந்தவர். அடுத்த எழுத்தைச் சேர்க்க முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு 5. நான்காம் நாள் காலையில் நின்ற அதே இரண்டு பேர்தான் இவர்கள். 1982-இல் கோட்டோ இதற்குப் போட்ட தீர்வில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று மதிப்புகள்: பொருத்தி வந்தது, சேர்த்து வந்தது, நீக்கி வந்தது.