டிவி மெனு ஊர்கிறதா? சுத்தம் செய்வதா, ரீசெட் அடிப்பதா, ஸ்டிக் வாங்குவதா

ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் திரையில் கட்டம் நகர்கிறது, அதற்குள் நாம் இன்னும் நாலு தடவை அழுத்தியிருப்போம், அந்த நாலும் மொத்தமாகச் சேர்ந்து வந்து வேறு எதையோ திறந்துவிடும். வாங்கி மூன்று நான்கு வருடமான பல ஆண்ட்ராய்டு டிவிகளின் நிலைமை இதுதான். இதற்கு மூன்று வழி சொல்கிறார்கள். இருப்பதைச் சுத்தம் செய்வது, ஃபேக்டரி ரீசெட் அடிப்பது, அல்லது டிவியை வெறும் திரையாக வைத்துக்கொண்டு தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் சுத்தம், அது போதாவிட்டால் ஸ்டிக். ரீசெட்டை மட்டும் தனியாகச் செய்வதுதான் மூன்றிலும் பலன் குறைந்தது.

டிவி ஏன் மெதுவாகிறது? உள்ளே இருக்கும் சிப் தேய்வதில்லை. அது செய்ய வேண்டிய வேலைதான் கூடுகிறது. சாதாரண விலை டிவிகளில் 1 அல்லது 2 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ் இருக்கும். அந்த 8 ஜிபியில் கிட்டத்தட்ட பாதியை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் எல்லா ஆப்பும், அவற்றின் அப்டேட்டும், கேஷும் அடங்க வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டிலும் ஆப்கள் பெருத்துக்கொண்டே போகின்றன, டிவியின் இடமும் ரேமும் அப்படியேதான் இருக்கின்றன.

எது குறைகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. யூடியூபில் இருந்து ஹோம் பட்டனை அழுத்தியதும் ஹோம் திரையில் வரிசைகள் எல்லாம் காலியாக வந்து, அப்புறம் ஒவ்வொரு படமாக நிரம்புகிறதா? அப்படியானால் ரேம் பற்றாக்குறை. யூடியூப் ஓடுவதற்காக ஹோம் திரையையே சிஸ்டம் நிறுத்திவிட்டு, நீங்கள் திரும்பி வந்ததும் மறுபடி முதலில் இருந்து ஏற்றுகிறது. மாறாக, ரீஸ்டார்ட் செய்து சற்று நேரம் கழித்தும் Settings பக்கமே திக்கித் திணறினால் ஸ்டோரேஜைப் பாருங்கள். ஃபிளாஷ் மெமரி நிரம்பி வழியும்போது எதையாவது எழுத அதற்கு வெகுநேரம் ஆகும், சின்ன வேலைகூட அதன் பின்னால் காத்து நிற்கும். மெனு நன்றாக ஓடி, படம் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் அது அநேகமாக இணையப் பிரச்சினை. அதற்கு இந்த மூன்று வழியும் உதவாது.

என் அக்கா வீட்டு 43 இன்ச் டிவியைப் பார்த்தபோது 300 எம்பிகூட இடம் மிச்சமில்லை. பழைய ஆண்ட்ராய்டு டிவி என்பதால் Settings, Device Preferences, Storage என்று போனால் இது தெரியும். புது கூகுள் டிவிகளில் System என்பதற்குள் இருக்கும். முதலில் Apps பட்டியலில் பெரிய ஆப் ஒவ்வொன்றாகத் திறந்து Clear cache கொடுத்தோம். இதில் ஆபத்து எதுவும் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் Clear data வேறு, அதைத் தொட்டால் லாகின் போய்விடும், மறுபடி பாஸ்வேர்டு தேட வேண்டும். ஆனால் கேஷ் சில வாரத்தில் திரும்ப நிரம்பிவிடும் என்பதால் இதை நம்பி நிற்க முடியாது. உண்மையில் இடம் கிடைத்தது இன்னொரு இடத்தில். டிவியோடு வந்த, யாருமே திறக்காத ஆப்கள் ஏழெட்டு இருந்தன. அவற்றுக்கு Uninstall பட்டனே இருக்காது, எனவே பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கே முதலில் Uninstall updates கொடுக்க வேண்டும், அதன் பிறகு Disable. கம்பெனியில் இருந்து வந்த மூலப் பதிப்பு சிஸ்டம் பகுதியில் இருக்கிறது, அது நம் இடத்தைத் தின்பதில்லை. வருடக்கணக்காகச் சேர்ந்த அப்டேட்தான் நம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. Disable செய்யாமல் விட்டால் பிளே ஸ்டோர் அதே அப்டேட்டை மறுபடி இறக்கிவிடும். Google Play services போல பெயரைப் பார்த்தாலே சிஸ்டம் சம்பந்தப்பட்டது என்று தெரிகிறவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது ஹோம் திரை. அங்கே தானாக ஓடும் முன்னோட்ட வீடியோவும், கீழே கீழே நீளும் பரிந்துரை வரிசைகளும் ரேமை நிறையவே தின்கின்றன. பழைய ஆண்ட்ராய்டு டிவியில் ஹோம் திரை அமைப்புகளுக்குள் போய் வேண்டாத சேனல் வரிசைகளையும் வீடியோ முன்னோட்டத்தையும் அணைக்கலாம். கூகுள் டிவியில் Accounts & sign-in பகுதியில் Apps only mode இருக்கிறது. அதைப் போட்டால் வெறும் ஆப் ஐகான்கள் மட்டும் நிற்கும், ஆனால் குரல் தேடலும் பரிந்துரையும் போய்விடும். வீட்டில் பெரியவர்கள் மைக் பட்டனை அழுத்திப் பேசித்தான் பாட்டு போடுகிறார்கள் என்றால் இது ஒத்துவராது.

அப்புறம், பவர் பட்டனில் அணைப்பது வெறும் தூக்கம்தான், மாதக்கணக்கில் அந்த டிவி ரீஸ்டார்ட் ஆகியே இருக்காது. Restart கொடுங்கள், அல்லது பிளக்கை ஒரு நிமிடம் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். கிளீனர் ஆப்களை இறக்கவே வேண்டாம், அவையும் பின்னணியில் உட்கார்ந்து அதே ரேமைத்தான் தின்னும். டெவலப்பர் ஆப்ஷனில் Background process limit வைக்கச் சொல்கிறார்கள், அது ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி மாறிவிடும்.

2 ஜிபி ரேம் இருந்த அக்கா டிவிக்கு இவ்வளவும் போதுமானதாக இருந்தது. புதுசு போல ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன், அழுத்தினால் நகர்கிறது.

ரீசெட் இதே வேலையை ஒரே அடியில் செய்கிறது, அதனால் கவர்ச்சியாகத் தெரிகிறது. அன்றைக்கு வேகமாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் திறக்காத அந்த ஆப்கள் எல்லாம் திரும்ப முளைக்கும், அப்டேட்டும் வரிசையாக இறங்கும், முன்னோட்டங்கள் மறுபடி ஓடத் தொடங்கும். ரீசெட் முடிந்த கையோடு மேலே சொன்ன வேலையையும் செய்யாவிட்டால் சில மாதத்தில் அதே இடத்தில் நிற்பீர்கள். எல்லா ஆப்பிலும் மறுபடி லாகின் செய்வது தனித் தலைவலி. ஏதோ அப்டேட் பாதியில் கெட்டுப்போய் டிவி தானாக அணைந்து அணைந்து வருகிறது என்றால் மட்டும் ரீசெட்தான் சரியான வழி.

1 ஜிபி ரேம் டிவி என்றால் எவ்வளவு துடைத்தாலும் ஓரளவுக்கு மேல் தேறாது. அங்கே ஸ்டிக் வாங்குவதில் நியாயம் இருக்கிறது, திரை நன்றாக இருக்கும்போது டிவியையே மாற்றுவது வீண் செலவு. ஆனால் பெட்டியில் 4கே என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மலிவான ஸ்டிக்குகள் பலவற்றிலும் அதே 1 ஜிபி ரேம், அதே 8 ஜிபி ஸ்டோரேஜ்தான். 2020-இல் வந்த கூகுள் டிவி குரோம்காஸ்ட் 4கே மாடலில்கூட 2 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ்தான், ஆப் போட இடமில்லை என்ற புலம்பல் அதற்கும் உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ் உள்ளதைப் பார்த்து வாங்கினால் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கும்.

ஸ்டிக் செருகிய பிறகு டிவியின் வைஃபையைத் துண்டித்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய ஆப்கள் உள்ளே அப்டேட் ஆகிக்கொண்டேதான் இருக்கும். கூகுள் டிவியாக இருந்தால் இந்த இடத்தில் ரீசெட்டுக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: ரீசெட் முடிந்து முதல் அமைப்பு கேட்கும்போது Set up basic TV என்பதைத் தேர்ந்தெடுத்தால் கூகுள் கணக்கு, ஆப்கள் எதுவும் இல்லாமல் எச்டிஎம்ஐயும் ஆண்டெனாவும் மட்டும் உள்ள சாதாரண டிவியாகிவிடும். ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையில் இருந்து எடுக்க வேண்டாம். பல டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும், பல ஸ்டிக்குகளுக்கு அது பத்தாது, பாதியில் ரீஸ்டார்ட் ஆகும். கூட வரும் அடாப்டரையே சுவர் பிளக்கில் செருகுங்கள்.